வியர்த்த காசு

"அப்பா, இந்தக் காசுக்கு வியர்த்திருக்கிறது" என்றாள் மகள்.

படம் எடுக்க ஒவ்வொரு நாணயமாக ஆல்பத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்படித்தான் பிடித்திருந்தாள். ஆனாலும் அவள் விரல் நுனியில் ஏதோ பிசுக்கு ஒட்டியிருந்தது. வெள்ளி நாணயம்தான். அரசர் முகத்தின் கன்னத்து மேட்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம். எழுத்துகளின் ஓரங்களில் இளம்பச்சைச் சாயல். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது, நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பெரியப்பா விட்டுச்சென்ற சேகரிப்பு அது. என் கைக்கு வந்தபோது காசுகள் காகித உறைகளிலும் தகரப் பெட்டியிலும் கிடந்தன. மகள் இதைக் கண்டதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட விடுமுறையில் அத்தனையையும் இருபுறமும் படம் எடுத்து, எண் போட்டு, "இனியாவது ஒழுங்காக இருக்கட்டும்" என்று பளபளக்கும் புது ஆல்பங்களில் மாற்றினேன். கண்ணாடி போன்ற மெல்லிய பைகள், வளைத்தால் வளையும், புரட்டினால் சலசலக்காது. வருகிறவர்களிடம் பெருமையாகப் புரட்டிக் காட்டினேன். தகரப் பெட்டியில் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் கிடந்தவை, என் பராமரிப்பில் நான்கே ஆண்டுகளில் வியர்த்துவிட்டன.

பழைய படத்தைக் கணினியில் திறந்து, புதிதாக எடுத்ததைப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் கன்னத்து மேட்டில் ஒளி கூர்மையாக விழுந்திருந்தது. புதியதில் அதே இடம் மங்கி, மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல இருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஆல்பத்தை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். ஒருமுறையும் கண்ணில் படவில்லை. மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கண் பழகிக்கொள்கிறது, படம் பழகிக்கொள்வதில்லை. மொத்தம் 214 காசுகள். இரண்டு இரவுகள் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் இப்படி ஒப்பிட்டதில் 31 காசுகளில் மாற்றம் தெரிந்தது. அந்த 31-ம் ஒரே ஆல்பத்தில் இருந்தவை.

பெரியப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க நாணயங்களோடு இருந்தவர். அவரிடம் எடுத்துப்போனேன். மேசையில் வைத்ததும் கையைத் தூக்கி, "தம்பி, துடைக்கவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லை ஐயா."

"நல்லது. துடைத்திருந்தால் பிசுக்கோடு பளபளப்பும் போயிருக்கும். முதலில் இது என்ன பச்சை என்று பார்ப்போம்."

பச்சையில் மூன்று வகை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மரப் பல்குச்சியை எடுத்துப் பச்சையின் ஓரத்தை மிக லேசாகத் தொட்டார். குச்சி நுனியில் அது பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய செப்புக்காசை எடுத்து, அதன் பச்சையைத் தொட்டுக் காட்டினார். அது கல் போலக் கெட்டியாக இருந்தது, குச்சியில் ஒன்றும் வரவில்லை. அது நாமெல்லாம் அறிந்த களிம்பு. மண்ணிலும் காற்றிலும் நெடுங்காலம் இருந்த செம்பின் மேல் படிவது. பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. மூன்றாவது வகை வெண்கலக் காசுகளில் வருவது. இளம்பச்சையாக, மாவு போல உதிரும். தட்டிவிட்டால் அதனடியில் சிறு குழி இருக்கும். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி மாவு பூக்கும். உலோகத்துக்குள் புகுந்துவிட்ட குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அப்படி ஒன்று இருந்தால் தனியாகப் பிரித்து, நன்றாக உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். நான் இனிச் சொல்லப்போகும் குளியல் அதற்கு மருந்தல்ல.

என் காசுகளின் மேல் இருந்தது முதல் வகை, பிசுபிசுக்கும் பச்சை. செம்பில் களிம்பு என்றால் கூடவே பிறந்தது என்பார்கள் சைவ சித்தாந்திகள். இது கூடப் பிறந்ததல்ல, பி.வி.சி. பையிலிருந்து வந்தது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையும்படி மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை, நாள்பட நாள்பட வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் மேல் படிகிறது. பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் வெளிப்படுகிறது. ஈரம் சேர்ந்தால் அது அமிலம். அந்த அமிலம் செம்பைத் தின்னும்போது வரும் உப்புதான் பச்சை நிறம். வெள்ளிக்காசில் செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். புழக்கத்துக்கு அடிக்கப்பட்ட வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவற்றில் செம்பு கலந்திருக்கிறது, 92.5 சதவீத வெள்ளி என்றால் மீதி 7.5 சதவீதம் வழக்கமாகச் செம்புதான். வெப்பமும் ஈரமும் கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும்.

பை எங்கே அழுந்தியிருந்ததோ அங்கேதான் முதலில் படலம் தோன்றியிருந்தது: கன்னம், கிரீடத்தின் உச்சி, விளிம்பின் வட்டம். வீட்டுக்கு வந்து காலிப் பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உட்புறத்தில் காசின் முகம் மங்கலாகப் பதிந்திருந்தது. காசில்லாத பையில் காசின் நிழல்.

மற்ற ஆல்பங்கள் எப்படி என்ற கவலை அடுத்து வந்தது. ஒன்றின் மேல்கூட எதனால் செய்தது என்று எழுதியிருக்கவில்லை. முதலில் மூக்கை நம்பினேன். புதிய மழைக்கோட்டுக்கும் குளியலறைத் திரைக்கும் இருக்கும் அந்த வாடை பி.வி.சி.யைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பழைய பைகளில் வாடை போயிருக்கும். பிறகு பையிலிருந்து நகம் அளவு துண்டு வெட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட்டேன். பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: நாணயங்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் பாலியெஸ்டரும் மூழ்கும். ஆகவே மிதந்தால் நிம்மதி, மூழ்கினால் சந்தேகம் என்பதோடு இந்தச் சோதனை நின்றுவிடுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்கச் செப்புக் கம்பி இருக்கிறது. கம்பியைச் சுடரில் காட்டிச் செக்கச்சிவக்கச் சூடாக்க வேண்டும், சுடரில் பச்சை நிறம் இல்லாமல் ஆகும்வரை. அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக் துண்டைத் தொட்டால் சிறிது உருகிக் கம்பியில் ஒட்டும். மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும் பிளாஸ்டிக் என்றால் சுடர் பளீரென்று பச்சையாகும். அந்தப் புகை நல்லதல்ல. வெளியிடத்தில், காற்று நம் பக்கம் வீசாதபடி நின்று, கம்பியை இடுக்கியால் பிடித்து, அரிசி அளவு துண்டை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். காசுகளும், அடுத்துச் சொல்லப்போகும் குளியலுக்கான அசிட்டோனும் அந்த இடத்தின் பக்கமே வரக்கூடாது. என்னிடம் இருந்த நான்கு ஆல்பங்களில் ஒன்றுதான் பச்சைச் சுடர் காட்டியது. அதுவே எல்லாவற்றிலும் அழகான ஆல்பம்.

இனி பெரியவர் சொன்ன அசிட்டோன் குளியல். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் அசிட்டோன்தானே இருக்கிறது என்று அதை வாங்கிவிடக்கூடாது. அதில் தண்ணீர், வாசனைப் பொருள், எண்ணெய், நிறம் எல்லாம் கலந்திருக்கும், அவை காசின் மேல் தங்கிவிடும். கலப்பில்லாத அசிட்டோனாக வேண்டும். அது மேலே படிந்த எண்ணெயையும் பசையையும் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. வெள்ளியின் கறுப்பையோ செம்பின் பழுப்பையோ எடுக்காது. அதனால்தான் மற்ற 'காசு சுத்தம் செய்யும்' திரவங்களின் பக்கம் போகாத பெரியவர் இதை மட்டும் அனுமதித்தார். வெள்ளியைப் பளிச்சிட வைக்கும் அமிலக் கலவைகள் உலோகத்தின் மேற்பரப்பையே ஒரு அடுக்கு கரைத்துவிடுகின்றன. காசு வெள்ளையாகும், ஆனால் அச்சிலிருந்து வந்த ஒளியோட்டம் செத்துவிடும். பற்பசையையும் புளியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தொலைவில் இருக்கும் சுடரையும் எட்டும். ஜன்னல்கள் திறந்த இடத்தில், அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத நேரத்தில்தான் செய்தேன்.

என் முதல் தவறை முதல் பத்து நிமிடத்திலேயே செய்தேன். பளிங்கு போன்ற பிளாஸ்டிக் கோப்பை ஒன்று கைக்கு அருகில் இருந்தது, அதில் ஊற்றினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோப்பையின் அடி வெளுத்து, குழைந்து, மேசையில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, காசு இன்னும் போடவில்லை; போட்டிருந்தால் ஒரு பிசினைக் கழற்றப்போய் இன்னொரு பிசினைப் பூசியிருப்பேன். மூடியோடு கூடிய கண்ணாடிக் கிண்ணங்கள் மூன்று எடுத்துக்கொண்டேன். காசை நகர்த்துவதற்கு மரக்குச்சிகள்.

ஒரு நேரத்தில் ஒரு காசு. இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று உரசும். முதல் கிண்ணத்தில், காசு முழுக்க மூழ்கும் அளவு அசிட்டோனில், மூடிபோட்டு அரைமணி நேரம். நடுவில் ஒருமுறை குச்சியால் மெதுவாகத் திருப்பிப் போட்டேன். திரவம் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது, ஆனால் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு உலர்த்திப் பார்த்தபோது வெண்மையான வளையம் ஒன்று மிஞ்சியது. அதுதான் கழன்று வந்த அழுக்கு. இரண்டாம் கிண்ணத்தில் புதிய அசிட்டோன், பத்து நிமிடம். மூன்றாம் கிண்ணத்தில் அலசல் மட்டும். கடைசிக் கிண்ணத்தின் சொட்டு உலர்ந்து ஒன்றுமே மிஞ்சாமல் போகும்வரை அலச வேண்டும் என்பது என் கணக்கு. ஆறு காசுகளில் பச்சை பிடிவாதமாக இருந்தது. அவற்றை ஓர் இரவு முழுக்க மூடிய கிண்ணத்தில் வைத்து, காலையில் அசிட்டோனில் தோய்த்த பஞ்சை, தேய்க்காமல், அதன் எடையிலேயே உருட்டி எடுத்தேன். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சாக இருக்க வேண்டும்.

உலர்த்துவதில் ஒரு நுணுக்கம். அசிட்டோன் ஆவியாகும்போது காசைச் சில்லிட வைக்கிறது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் எடுத்து வைத்த காசின் மேல் கண்முன்னே பனித்துளி போல நீர் பூத்தது. எந்த ஈரத்திலிருந்து காப்பாற்ற இத்தனை பாடோ அந்த ஈரம். அதன்பின் வறண்ட நாட்களில் மட்டுமே செய்தேன். காசை மென்காகிதத்தில் விளிம்பு சாய நிற்க வைத்தேன்.

பயன்படுத்திய அசிட்டோனைக் கழிநீர்க் குழாயில் ஊற்றக்கூடாது. அந்தக் குழாயே பெரும்பாலும் பி.வி.சி.தான், அசிட்டோன் அதை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்து ரசாயனக் கழிவோடு சேர்த்தேன். இன்னொன்று: வண்ணம் தீட்டிய, எனாமல் பூசிய, அரக்கு பூசிய நாணயங்களை இந்தக் குளியலில் போட்டால் பூச்சு போய்விடும். தபால்தலையையோ பணத்தாளையோ இதில் போட யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

31-ல் 25 காசுகள் பழைய படத்தில் இருந்தபடியே திரும்பி வந்தன. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது முன்னது எது பின்னது என்று எனக்கே தெரியவில்லை. மீதி ஆறும் இரவு முழுக்க ஊறிய அதே ஆறு. பச்சை போனது, ஆனால் அதனடியில் அமிலம் ஏற்கனவே கடித்திருந்தது. நான்கு வெள்ளிக்காசுகளில் மங்கிய திட்டுகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தால் ஊசி குத்தியது போன்ற குழிகள். இரண்டு செப்புக்காசுகளில் பச்சை இருந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, பழுப்புப் படலம் அங்கே அரிக்கப்பட்டுவிட்டது. அசிட்டோன் படிந்ததை எடுக்கும், கடிபட்டதை ஆற்றாது. ஓராண்டு முன்னதாகக் கவனித்திருந்தால் இந்த ஆறும் தப்பியிருக்குமோ என்று இன்றும் தோன்றும்.

புது இருப்பிடம் தேடும்போது மென்மையாக இருப்பது எதுவும் வேண்டாம் என்ற அளவுக்கு வந்துவிட்டேன். சாதாரணக் காசுகளை இரண்டு அங்குலச் சதுர அட்டையில், நடுவே பாலியெஸ்டர் ஜன்னல் உள்ளதில் வைத்தேன். அமிலமில்லாத அட்டை என்று பார்த்து எடுத்தது. அதை மடித்து ஸ்டேப்ளர் பின்னால் மூடுவார்கள், அதில்தான் ஆபத்து. பின்னின் கூர்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக் காசின் முகத்தைக் கீறும். அதனால் ஒவ்வொரு பின்னையும் இடுக்கியால் தட்டையாக நசுக்கினேன். திறக்கும்போது நான்கு பின்களையும் முழுதாக எடுத்தபின்தான் அட்டையை விரிக்க வேண்டும். ஒரு பின் இருக்கும்போதே அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு செப்புக்காசில் நான் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. தரமானவற்றுக்குக் கெட்டியான அக்ரிலிக் கேப்சூல்கள், காசின் விட்டத்துக்குச் சரியான அளவில். அளவு பெரிதாக இருந்தால் காசு உள்ளே ஆடும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தன்னைத்தானே உரசிக்கொள்ளும்.

பெட்டியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஓக் மரமும், பசைபோட்டு அழுத்திய மரப்பலகைகளும் அசிட்டிக், ஃபார்மிக் போன்ற அமிலங்களின் ஆவியை விடுகின்றன. ஈயக் காசுகள் இருந்தால் அவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பழைய நாணயப் பேழைகளை மகோகனி மரத்தில் செய்தது அழகுக்காக மட்டுமல்ல. கம்பளித் துணி, சிலவகை ஃபெல்ட், ரப்பர் இவற்றில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்க வைப்பது அதுதான். பெரியப்பாவின் ஒரு வெள்ளிக்காசுக் கட்டில் ரப்பர் வளையம் போட்டிருந்தது. வளையம் எப்போதோ இற்று விழுந்துவிட்டது. மேல்காசின் நடுவே அதன் தடம் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கிறது.

அருங்காட்சியகங்கள் இதற்கு முறையான ஒரு சோதனையே வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் அறிமுகப்படுத்தியது. காட்சிப்பெட்டிக்குப் பயன்படுத்தப்போகும் துணியையோ பலகையையோ வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளோடு ஒரு மூடிய குடுவையில், சிறிது நீருடன், 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாட்கள் வைப்பார்கள். உலோகத் துண்டு கெட்டால் அந்தத் துணிக்கு உள்ளே இடமில்லை. வீட்டில் அத்தனையும் செய்ய முடியாது. அந்த யோசனையை மட்டும் கடன் வாங்கினேன்: மதிப்பில்லாத, நன்றாகத் தேய்ந்த ஒரு வெள்ளிக்காசைப் பளிச்சென்று துலக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் உறையில்லாமல் ஒன்று வைத்தேன். மகள் அதற்குச் 'சாட்சிக்காசு' என்று பெயர் வைத்தாள். பெட்டிக்குள் வெள்ளியைக் கறுக்க வைக்கும் காற்று இருந்தால், உறைக்குள் இருக்கும் நல்ல காசுகளுக்கு முன் அது கறுக்கும்.

ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறு ஈரப்பதமானியும். மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்லும். அதனால் ஒருமுறை சோதித்தேன். சிறு மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாமல் குழைந்து நிற்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் ஒரு மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்தால் உள்ளே ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 69 காட்டியது. ஆகவே அது காட்டுவதோடு ஆறு கூட்டிக்கொள்கிறேன். காசுப் பெட்டியை 40-க்குக் கீழே வைக்கப் பார்க்கிறேன். தபால்தலைகளை அப்படி உலர்த்தக்கூடாது: காகிதம் சுருண்டு, பசை வெடிக்கும். அவற்றுக்கு 50-ஐ ஒட்டி இருந்தால் போதும். மிகவும் கூடினால் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி எல்லாவற்றையும் படம் எடுத்தேன், இந்த முறை நோக்கமே வேறு. முன்பு அழகுக்காக எடுத்தேன், இப்போது ஒப்பிடுவதற்காக. விளக்கின் இடம் மாறினால் அதே காசு வேறு காசாகத் தெரியும், எனவே எதையும் மாற்றக்கூடாது. கேமரா நேர்கீழே பார்க்கும்படி தாங்கி. தாங்கியின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று காசு வைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், கேமரா கழன்றால் நேராகக் காசின் மேல்தான் விழும். கடிகாரத்தின் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் இரண்டு விளக்குகள், அவற்றின் முன் வெள்ளைக் காகிதம். மேசையில் அவற்றின் கால்கள் நிற்கும் இடத்தில் நாடா ஒட்டிக் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் காசுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல்நிற அட்டைத் துண்டும் அளவுகோலும். நிறம் மாறியதாகத் தோன்றினால் முதலில் அட்டையைப் பார்ப்பேன்; அட்டையும் மாறியிருந்தால் தவறு விளக்கில்.

கையாளும்போதுதான் காசுகள் அதிகம் அடிபடுகின்றன என்பதால் மேசை முழுக்கத் தடித்த, சாயம் போகாத பருத்தித் துணி. விரல்ரேகை துடைத்தால் போகும் என்று நினைக்க வேண்டாம். வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன, புது மினுக்கம் மாறாத செப்புக்காசில் இன்று பட்ட விரல் சில மாதங்களில் பழுப்புக் கோடுகளாக நிலைத்துவிடும். காசின் மேல் குனிந்து பேசுவதும் வேண்டாம், எச்சில் துளி கரும்புள்ளியாகும். படம் எடுக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஊமைப்படம்தான் ஓடும்.

இவ்வளவும் ஆனபின், எப்படிப் பார்வைக்கு வைப்பது? மகளுக்குச் சுவரில் வேண்டும், எனக்கும் ஆசைதான். பெரியவர் சொன்ன வழி எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது: "படத்தை மாட்டு, காசு தூங்கட்டும்." செய்துபார்த்தபின் மனம் மாறிவிட்டது. கட்டை விரல் அகலக் காசைச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டினால் இரண்டடி தூரத்தில் அது வெறும் வட்டம். அதே காசின் படத்தைத் தட்டு அளவுக்கு அச்சிட்டு மாட்டியபோது, அச்சு வெட்டியவன் முடியிழையை எப்படி வெட்டினான், அடிக்கும்போது அச்சு எங்கே சற்று நழுவியது என்பதெல்லாம் அறையின் மறுகோடியிலிருந்து தெரிகிறது. வந்தவர்கள் ஆல்பத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்த காலத்தைவிட இப்போது நெடுநேரம் நின்று பார்க்கிறார்கள். அச்சிட்ட படம் வெளுத்தால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

அசலையே காட்ட ஆசை வரும் நாட்களுக்கு ஒரு சிறு கண்ணாடிப்பெட்டி இருக்கிறது. அக்ரிலிக் கேப்சூலோடு ஆறு காசுகள், அடியில் சாயமிடாத துவைத்த பருத்தித் துணி, மூன்று மாதம். பிறகு அவை உள்ளே போய் வேறு ஆறு வரும். பெட்டிக்குள் விளக்கு வைக்கவில்லை. விளக்குப் போடும்போது உள்ளே காற்று சூடாகி வெளியேறும், அணைத்ததும் அறைக்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். பெட்டி மூச்சு விடுவது போல.

பெரியப்பாவின் உறைகளில் தபால்தலைகளும் ஒரு கைப்பிடி இருந்தன. அவற்றை அசலாக ஒருநாளும் சுவரில் மாட்டமாட்டேன். வெளிச்சம் உலோகத்தைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் மையை மெல்ல மெல்லத் தின்கிறது, அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. அருங்காட்சியகங்கள் இத்தகைய காகிதங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே போதும் என்கின்றன. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் 5000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு மணி நேரம் வைப்பது அருங்காட்சியகத்தில் 100 மணி நேரம் வைப்பதற்குச் சமம். சிவப்பு ஒன்று ஏற்கனவே வெளுத்த செங்கல் நிறத்தில் இருக்கிறது. அதனால் அவற்றை வருடி மூலம் ஒருமுறை படமாக்கி, அந்தப் படங்களைப் பெரிதாக்கி மாட்டியாயிற்று. தபால்தலைகளை வருடியின் கண்ணாடியில் வைக்கலாம். காசுகளை வைத்து இழுத்தால் கண்ணாடிக்கும் கீறல், காசுக்கும் கீறல்.

ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட மாதத்தில், பெட்டிகளைத் திறந்து சாட்சிக்காசுகளையும் ஒவ்வொரு பெட்டியிலிருந்து பத்துக் காசுகளையும் படம் எடுத்து ஒப்பிடுகிறோம். குழி விழுந்த ஆறையும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டுகளாகக் குழிகள் பெரிதாகவில்லை.

சென்ற முறை மூன்றாம் பெட்டியின் சாட்சிக்காசு மட்டும் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. மற்றப் பெட்டிகளில் அப்படியே வெள்ளை. அட்டைகள் ஒரே வகை, சிலிக்கா ஜெல் ஒரே நாளில் மாற்றியது. பெட்டியைக் காலி செய்து கவிழ்த்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. மகள்தான் பெட்டி இருந்த அலமாரித் தட்டைத் தடவினாள். பெட்டி வழுக்காமல் இருக்க எப்போதோ நான் விரித்த கறுப்பு ரப்பர் விரிப்பு. மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி அது ஒன்றுதான். விரிப்பைச் சுருட்டி வெளியே எறிந்து, மூடியை மாற்றி, சாட்சிக்காசை மறுபடி துலக்கி உள்ளே வைத்தோம். கறுக்கிறதா என்று மாதம் ஒருமுறை அவளே திறந்து பார்க்கிறாள்.